கணவரோடு கடல் கடக்கும் ஆசிரியை: சுயவிபரக் கோவையைப் புதிதாக எழுதுதல்

பல்கலைக்கழகப் பட்டம் பெற்று, ஆசிரியையாகவோ வங்கி உத்தியோகத்தராகவோ சில ஆண்டுகள் பணிபுரிந்து, பின்னர் கணவரோடு வெளிநாடு சென்ற பெண்கள் எமது ஊர்கள் தோறும் இருக்கிறார்கள். விடுமுறையில் வரும்போது “அங்கே என்ன செய்கிறீர்கள்?” என்று கேட்டால், அவர்களுள் பலர் “சும்மா வீட்டில்தான்” என்கிறார்கள். விருப்பப்பட்டு வீட்டில் இருப்பது வேறு. வேலை செய்ய விரும்பியும் வழி தெரியாமல் இருப்பது வேறு. இந்தக் கட்டுரை இரண்டாவது நிலையில் உள்ளவர்களைப் பற்றியது.

இந்நிலைக்குப் பெரும்பாலும் இரண்டு எண்ணங்களே காரணம். “தங்கிவாழ்வோர் விசாவில் வேலை செய்ய முடியாது” என்பது ஒன்று. “எனது பட்டத்துக்கும் அனுபவத்துக்கும் அங்கே மதிப்பில்லை” என்பது மற்றது. பிரித்தானியாவைப் பொறுத்தவரை முதலாவது எண்ணம் பெரும்பாலும் தவறு. இரண்டாவது பாதி மட்டுமே உண்மை: பதவியின் பெயர் கடல் கடப்பதில்லை, ஆனால் அந்தப் பதவியில் செய்த வேலை கடக்கிறது.

இதை விளக்க ஓர் ஆசிரியையை எடுத்துக்கொள்வோம். இவர் ஒரு தனி நபரல்லர். இத்தகைய பலரின் நிலையை ஒன்றாக்கிய எடுத்துக்காட்டு. கிழக்கு மாகாணத்தில் ஒரு அரச பாடசாலையில் 2017 முதல் 2024 வரை தரம் 6 தொடக்கம் 11 வரையான வகுப்புகளுக்குத் தமிழ்மொழி மூலம் கணிதம் கற்பித்தவர். கணவர் வைத்தியர். வடமேற்கு லண்டனில் ஹரோ பகுதிக்கு அருகேயுள்ள வைத்தியசாலையொன்றில் கணவருக்கு வேலை கிடைக்க, 2025 இன் தொடக்கத்தில் அவரும் உடன் சென்றார்.

விசா என்ன அனுமதிக்கிறது?

திறமைசார் தொழிலாளர் விசாவிலோ, வைத்தியர், தாதியர் போன்றோருக்கான சுகாதார விசாவிலோ பிரித்தானியா செல்பவரின் வாழ்க்கைத்துணை, தங்கிவாழ்வோராக அனுமதிக்கப்பட்டால் ஏறக்குறைய எந்த வேலையும் செய்யலாம். சொந்தத் தொழிலும் நடத்தலாம். வேலையை மாற்றும்போது குடிவரவுத் திணைக்களத்திடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. தொழில்முறை விளையாட்டு வீரராகவோ விளையாட்டுப் பயிற்றுநராகவோ பணியாற்றக் கூடாது என்பது முக்கியமான விலக்கு. அத்துடன், அரசின் நலன்புரிக் கொடுப்பனவுகளை அவர் கோர முடியாது.

ஆனால் யாருடைய துணை செல்லலாம் என்ற விதி அண்மைக் காலத்தில் இறுகிவிட்டது. ஆய்வு சாராத பட்டப்பின் படிப்புக்குச் செல்லும் மாணவர்கள் 2024 ஜனவரி முதலும், பராமரிப்புத் தொழிலாளர்களாகப் புதிதாகச் செல்வோர் 2024 மார்ச் 11 முதலும் துணையை அழைத்துச் செல்ல முடியாது. 2025 ஜூலை 22 முதல் பட்டதாரித் தரத்துக்குக் குறைந்த பல தொழில்களுக்கும் இதே தடை வந்தது. ஆகவே மாப்பிள்ளைக்கு லண்டனில் வேலை என்று கேள்விப்பட்டவுடன் மகளும் செல்லலாம் என்று பெற்றோர் முடிவுசெய்யக் கூடாது. அவரது விசா எந்த வகை, எந்தத் தொழில் என்பதை முதலில் கேட்டறிய வேண்டும்.

ஒரு நாட்டின் விதியை இன்னொரு நாட்டுக்குப் பொருத்திப் பார்ப்பதும் ஆபத்தானது. ஐக்கிய அரபு இராச்சியத்தில் கணவரின் பொறுப்பில் வதிவிட விசா பெற்ற மனைவி, தொழில் வழங்குநர் அவருக்கென வேலை அனுமதி பெற்ற பின்னரே பணியில் சேரலாம். டுபாயில் இருக்கும் உறவினர் சொல்வது அங்கே சரி. லண்டனுக்கு அது பொருந்தாது.

உரிமையைக் காட்டும் குறியீடு

பிரித்தானியாவில் குடிவரவு நிலை இப்போது இணையக் கணக்கொன்றில் பதிவாகிறது. அதை ஈ-விசா என்கிறார்கள். வேலைக்கு எடுப்பவர் அதையே சரிபார்க்கிறார். விசா பெற்றவர் gov.uk தளத்தில் தனது கணக்கினுள் சென்று ‘ஷெயார் கோட்’ எனப்படும் ஒன்பது எழுத்தும் இலக்கமும் கொண்ட குறியீட்டைப் பெறுவார். வேலைக்கான குறியீடு W என்ற எழுத்தில் தொடங்கும். 90 நாட்களுக்குச் செல்லுபடியாகும். அதையும் பிறந்த திகதியையும் கொடுத்தால், அவர் வேலை செய்யலாமா, எத்திகதி வரை என்பதைத் தொழில் வழங்குநர் அரச தளத்தில் பார்த்துக்கொள்வார்.

இங்கே நடக்கும் ஒரு தவறு சிறியதுபோலத் தோன்றும். குடும்பத்தினர் எல்லோரது விண்ணப்பத்தையும் கணவரே நிரப்புவதால், மனைவியின் கணக்குக்கும் தனது மின்னஞ்சலையும் தொலைபேசி இலக்கத்தையும் கொடுத்துவிடுவார். கணக்கினுள் நுழையும்போது பாதுகாப்பு இலக்கம் அந்தத் தொலைபேசிக்கோ மின்னஞ்சலுக்கோதான் வரும். கணவர் இரவுக் கடமையில் இருக்கும்போது மனைவியால் தனது சொந்த விசாவைக்கூடப் பார்க்க முடியாது. அவரது வதிவிட உரிமை ஏற்கெனவே கணவரின் விசாவில் தங்கியிருக்கிறது. கணவரின் விசா முடிவுற்றாலோ திருமண உறவு முறிந்தாலோ அதுவும் பாதிக்கப்படும். அதைக் காட்டும் திறவுகோலாவது அவரது கையில் இருக்க வேண்டும். எனவே தொடக்கத்திலிருந்தே தனது மின்னஞ்சலையும் தனது தொலைபேசியையும் பதிவுசெய்வதே முறை.

வரி மற்றும் காப்புறுதிக்கான தேசிய காப்புறுதி இலக்கத்துக்கு அங்கு சென்றபின் இலவசமாக விண்ணப்பிக்கலாம். வேலை செய்யும் உரிமையைக் காட்ட முடிந்தால், அந்த இலக்கம் வருமுன்பே பணியைத் தொடங்கலாம்.

பழைய கோவையில் என்ன பிழை?

எமது ஆசிரியை முதலில் அனுப்பியது இங்கே நாம் எல்லோரும் எழுதும் சுயவிபரக் கோவைதான். முழுப்பெயர், முதலெழுத்துகளுடனான பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி, சிவில் நிலை, மதம், புகைப்படம். பின்னர் சாதாரண தரத்தில் ஒன்பது பாடங்களின் பெறுபேறு, மாணவத் தலைவியாக இருந்த விபரம். “மேற்கூறிய விபரங்கள் யாவும் உண்மையென உறுதியளிக்கிறேன்” என்ற வரியுடனும் கையொப்பத்துடனும் அது முடிந்தது. ஏழு ஆண்டுக் கற்பித்தல் நடுவில் ஒரே வரியில் இருந்தது: “கணித ஆசிரியை, இலங்கை ஆசிரியர் சேவை, தரம் 2-II.”

பல இடங்களுக்கு அனுப்பியும் பதில் வரவில்லை. காரணம் எளிது. அங்கே வயது, மதம், திருமண நிலை, புகைப்படம் ஆகியவற்றைக் கோவையில் சேர்ப்பதில்லை. அவற்றைக் கொண்டு ஒருவரைத் தெரிவதும் நிராகரிப்பதும் 2010 ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின் கீழ்ச் சிக்கலாகும். அவர்கள் தேடியது இரண்டு பக்கங்களுக்குள் இந்த நபர் என்ன வேலை செய்தார் என்பதை. அது ஒரே வரியில் இருந்தது. அந்த வரியிலிருந்த “தரம் 2-II” என்பது இலங்கையில் பல ஆண்டுச் சேவையைக் காட்டும். ஹரோவில் உள்ள பாடசாலை அலுவலகத்தில் அது ஒன்றையும் காட்டாது.

இன்னொன்றும் விடுபட்டிருந்தது. வெளிநாட்டுப் பெயரும் வெளிநாட்டுப் பட்டமும் கண்ட பல தொழில் வழங்குநர்கள், இவருக்கு விசா ஆதரவு கொடுக்க வேண்டியிருக்கும் என்று எண்ணிக் கோவையை ஒதுக்கிவிடுகிறார்கள். அதனால் பெயரின் கீழேயே “ஐக்கிய இராச்சியத்தில் பணிபுரியும் உரிமை உண்டு, விசா ஆதரவு தேவையில்லை” என்ற வரியைச் சேர்க்க வேண்டும். அங்கே “தங்கிவாழ்வோர் விசா” என்று எழுதத் தேவையில்லை. அந்தச் சொல், விதி தெரியாதவருக்கு வேலை செய்ய முடியாதவர் என்ற எண்ணத்தையே தரும்.

பதவியைப் பிரித்து வேலையை எடுத்தல்

கோவையைத் திருத்த ஆசிரியை செய்தது இதுதான். ஒரு தாளில் ஒரு பாடசாலை வாரத்தை எழுதினார். திங்கள் காலை வரவு இடாப்பு முதல் வெள்ளி பிற்பகல் வரை கையால் செய்தவை எல்லாம் அதில் வந்தன. 42 பிள்ளைகளின் வகுப்பாசிரியையாக வரவுப் பதிவு, பாடக்குறிப்பு, தவணைப் பரீட்சை வினாத்தாள் தயாரித்தல், புள்ளிகளைக் கணினியில் பதிதல், பெற்றோர் சந்திப்பு, பின்தங்கிய மாணவர்களுக்குப் பிற்பகலில் பரிகாரக் கற்பித்தல், கொரோனாக் காலத்தில் தொலைபேசி வழியே பாடம் அனுப்பியமை.

பின்னர் வேலை விளம்பரத்தை எடுத்தார். பிரித்தானியப் பாடசாலைகள் விளம்பரத்தோடு ஆளின் தகைமை விபரம் என்ற அட்டவணையையும் வெளியிடுகின்றன. அதில் சில தகைமைகள் அவசியமானவை என்றும், சில விரும்பத்தக்கவை என்றும் பிரிக்கப்பட்டிருக்கும். தெரிவுசெய்வோர் விண்ணப்பத்தை அந்த அட்டவணையோடு ஒப்பிட்டுப் புள்ளியிடுவது வழக்கம். எனவே அவசியமான தகைமை ஒவ்வொன்றுக்கும் எதிரே தனது வாரத்தாளிலிருந்து ஒரு வேலையை எழுதினார். எதிரே எழுத ஒன்றும் இல்லாத தகைமைகள் அதிகம் இருந்தால் அந்த விளம்பரத்தை விட்டுவிட்டார்.

அவர் முதலில் குறிவைத்தது கற்பித்தல் உதவியாளர் பணி. ஆசிரியையாக வேலை செய்ய அங்கே ‘தகைமை பெற்ற ஆசிரியர்’ என்ற தகுதிநிலை பொதுவாகக் கேட்கப்படும். அது தனியான பாதை, காலம் எடுக்கும். உதவியாளருக்கு அது தேவையில்லை. இது படியிறக்கம்தான், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் அங்குள்ள வகுப்பறையையும் பாடத்திட்டத்தையும் சம்பளத்தோடு கற்றுக்கொள்ள இதைவிட நேரான வழி குறைவு.

மாற்றிய வரிகளைப் பார்ப்போம். “தரம் 6–11 கணித ஆசிரியை” என்பது “11 முதல் 16 வயது வரையான மாணவர்களுக்கு ஏழு ஆண்டுகள் கணிதம் கற்பித்தேன்” என்றானது. வயதைச் சொன்னால் எந்த நாட்டுக்கும் விளங்கும். “பரிகாரக் கற்பித்தல் செய்தேன்” என்பது “கணிதத்தில் பின்தங்கிய 18 மாணவர்களுக்கு வாரத்தில் இரு நாள் சிறு குழுவாகக் கற்பித்தேன், அவர்களுள் 13 பேர் 16 வயதில் எழுதும் தேசியப் பரீட்சையில் சித்தியடைந்தனர்” என்றானது. ஆங்கிலப் பாடசாலைகளில் உதவியாளர்கள் செய்யும் முக்கிய வேலைகளுள் ஒன்று இந்தச் சிறு குழுக் கற்பித்தல்தான். இந்த எண்கள் அவரது புள்ளிப் பதிவேட்டிலிருந்து வந்தவை. அதிபரிடம் கேட்டாலும் அதே எண் வர வேண்டும். நினைவிலிருந்து கூட்டிச் சொன்ன எண் நேர்முகத்தில் ஒரு கேள்விக்குக்கூடத் தாங்காது.

மொழிகளையும் அவர் புதிதாகப் பார்த்தார். ஹரோவில் தமிழ் பேசும் குடும்பங்கள் பல உண்டு. ஆங்கிலம் இன்னும் வசப்படாத பிள்ளைக்கு உதவத் தமிழ் அங்கே ஒரு தொழில் திறன். அதனால் தமிழ் கடைசி வரியிலிருந்து முதற் பக்கத்துக்கு வந்தது. ஆனால் முன்பு “அரபு” என்று எழுதியிருந்ததை நீக்கினார். குர்ஆன் ஓதத் தெரிவது அரபு பேசத் தெரிவதாகாது. சிரிய நாட்டுத் தாய் ஒருவரோடு பேசுமாறு கேட்டால் என்ன செய்வது?

கோவை மட்டும் போதாது

இங்கேதான் அவருக்கு எதிர்பாராத தடை வந்தது. திருத்திய கோவையை அனுப்பியதும் ஒரு பாடசாலை, விண்ணப்பப் படிவத்தை நிரப்புமாறு பதில் எழுதியது. சிறுவர் பாதுகாப்புக்கான அரச வழிகாட்டலின்படி, இங்கிலாந்துப் பாடசாலைகள் கோவையை மட்டும் ஏற்பதில்லை. முழு வரலாறும் கொண்ட படிவம் வேண்டும். கோவைக்காக எழுதிய வரிகள் வீணாகவில்லை. படிவத்திலுள்ள “இப்பணிக்கு நீங்கள் ஏன் பொருத்தமானவர்” என்ற பகுதிக்குள் அவையே சென்றன.

படிவம் பாடசாலைக் கல்வி முடித்த நாளிலிருந்து இன்றுவரை இடைவெளியின்றி விபரம் கேட்கிறது. பிள்ளைப்பேறு, விசாவுக்காகக் காத்திருந்த மாதங்கள் ஆகியவற்றை வெட்கத்தால் மறைப்பவர்கள் உண்டு. இடைவெளி இருப்பது குற்றமல்ல. விளக்கமில்லாத இடைவெளியே சந்தேகத்தைத் தருகிறது. “2024 செப்டெம்பர் – 2025 ஜனவரி: குடும்பத்துடன் இடம்பெயர்வதற்கான ஆயத்தம்” என்ற ஒரு வரி போதும்.

அடுத்தது சான்று பகர்பவர். இங்கே உறவினரல்லாத இருவரின் பெயரை எழுதினால் பெரும்பாலும் யாரும் அழைத்துக் கேட்பதில்லை. அங்கே இறுதியாகப் பணிபுரிந்த பாடசாலையின் அதிபருக்கு நேரடியாகப் படிவம் அனுப்புகிறார்கள். இவரது அதிபர் அதற்குள் இடமாற்றம் பெற்றிருந்தார். அவரது சொந்த மின்னஞ்சலுக்குச் சென்ற கடிதம் வாரக்கணக்கில் திறக்கப்படவில்லை. அலுவலக முகவரியிலிருந்து வராத பதிலை ஏற்கவும் அப்பாடசாலை தயங்கியது. இறுதியில் வலயக் கல்வி அலுவலகம் சேவைக் காலத்தை உறுதிப்படுத்திய பின்னரே காரியம் நகர்ந்தது.

பிள்ளைகளோடு பணிபுரிவோருக்குக் குற்றப் பதிவுச் சோதனையும் உண்டு. பிரித்தானியச் சோதனைக்குத் தொழில் வழங்குநரே ஏற்பாடு செய்வார். ஆனால் வெளிநாட்டில் வாழ்ந்தவரிடம் அந்நாட்டுப் பொலிஸ் சான்றிதழையும் கேட்பார்கள்.

புறப்படுமுன் கையில் இருக்க வேண்டியவை

இந்தத் தடைகளுள் பெரும்பாலானவை இங்கிருந்தே நீக்கக்கூடியவை. அதிபரிடமிருந்து ஆங்கிலத்தில், பாடசாலையின் கடிதத்தலைப்பில், சேவைத் திகதிகள், கற்பித்த பாடம், வகுப்புகள், பொறுப்புகள் ஆகியவற்றுடன் கடிதம் பெற வேண்டும். பின்னர் மின்னஞ்சலில் ஒரு படிவம் வரும், பதில் தாருங்கள் என்று முன்கூட்டியே அவரிடம் சொல்லிவைக்க வேண்டும். பொலிஸ் சான்றிதழை இங்கிருக்கும்போதே எடுப்பது இலகு. அரச சேவையில் இருப்பவர் விடுமுறை அனுமதி பெறாமல் புறப்பட்டால் பதவியைக் கைவிட்டவராகக் கருதப்படுவார். அதன்பின் நல்ல சான்று கேட்பதும் கடினம்.

பரீட்சைச் சான்றிதழ்களின் ஆங்கிலப் பிரதிகளைப் பரீட்சைத் திணைக்களத்திலிருந்து பெற வேண்டும். பட்டமும் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவும் அங்குள்ள எந்தத் தரத்துக்கு ஒப்பானவை என்பதை UK ENIC என்ற நிறுவனம் கட்டணம் பெற்று எழுத்தில் தருகிறது. அது வேலைக்கான உரிமமல்ல. ஆனால் பட்டத்தின் தரம் பற்றிய கேள்விக்கு ஒரே தாளில் பதிலாகிறது.

எல்லாவற்றுக்கும் முன் பெயரைப் பாருங்கள். எமது பெண்களின் சான்றிதழ்களில் முதலெழுத்துகளுடன் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் வேறோர் எழுத்துக்கூட்டல், கடவுச்சீட்டில் முழுப்பெயர் என்று ஒருவருக்கே மூன்று பெயர்கள் இருப்பது சாதாரணம். இங்கே யாரும் அதைப் பெரிதுபடுத்துவதில்லை. அங்கே இந்தச் சான்றிதழ் உங்களுடையதா என்ற கேள்வி எழும். மூன்றும் ஒருவரையே குறிக்கின்றன என்று ஆங்கிலத்தில் ஒரு சத்தியக் கடதாசி முடித்து எடுத்துச் செல்லுங்கள். கோவையிலும் படிவத்திலும் கடவுச்சீட்டிலுள்ள பெயரையே எழுதுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. “லண்டனில் மகளுக்கு வேலை எடுத்துத் தருகிறோம்” என்று பணம் கேட்பவர்கள் உண்டு. பிரித்தானியாவில் வேலை தேடுபவரிடமிருந்து வேலை தேடித் தருவதற்குக் கட்டணம் வாங்குவதை 1973 ஆம் ஆண்டின் தொழில் முகவர் சட்டம் பொதுவாகத் தடைசெய்கிறது. வேலை செய்யும் உரிமை மகளின் விசாவிலேயே இருக்கும்போது, அதை இன்னொருவர் விற்பதற்கு ஒன்றுமில்லை.

எமது ஆசிரியைக்கு இறுதியில் கிடைத்தது பாடசாலைத் தவணைக் காலத்தில் மட்டும், வாரத்தில் நான்கு நாள் வேலை. நேர்முகத்தில் அவரிடம் கேட்ட முதற் கேள்வி அந்த 18 பிள்ளைகளைப் பற்றியது. “எஞ்சிய ஐந்து பேருக்கும் என்ன செய்தீர்கள்?” அதற்கான பதிலை அவர் எந்தக் கோவையிலும் எழுதவில்லை. ஆனால் அந்த ஐந்து பேரின் பெயர்களும், ஒவ்வொருவரும் எந்தக் கணக்கில் தடுமாறினார்கள் என்பதும் அவருக்கு நினைவிருந்தது.